கணித சேருக்கு ஓர் அஞ்சலிச் செய்தி: தமிழில் எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன விதம்

எங்கள் கணித ஆசிரியர் ஒக்டோபர் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் காலமானார். அவரிடம் படித்தவர்களில் பெரும்பகுதி இன்று ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறிக் கிடக்கிறது. மாணவர் சார்பில் அஞ்சலிச் செய்தி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். அது மூன்று இடங்களுக்குப் போகவேண்டியிருந்தது. முதலில் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பவேண்டும். பிறகு நினைவுக் கூட்டத்தில் சூம் வழியாக வாசிக்கவேண்டும். கடைசியாக, அந்தியேட்டியன்று வீட்டார் கொடுக்கும் கல்வெட்டில் ஒரு பக்கமாக அச்சேறவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்வெட்டு என்பது இறந்தவரின் நினைவாக 31 ஆம் நாளில் அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகம்.

ஆங்கிலம் ஏன் தேவைப்பட்டது என்றால், ஏ.எல். முடித்துவிட்டுப் போனவர்களுக்குத் தமிழ் வாசிப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் ஆறாம், ஏழாம் வகுப்பில் சேரிடம் படித்துவிட்டு, பெற்றோரோடு வெளியேறியவர்களும் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் நன்றாகத் தமிழ் கதைப்பார்கள், ஒரு பக்கம் வாசிப்பதென்றால் களைத்துப்போவார்கள். கூட்டத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் அங்கே பிறந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

குழுவில் ஏற்கனவே ஒரு வரைவு சுற்றிக்கொண்டிருந்தது. ‘அறிவொளி ஏற்றிய ஆசான்’, ‘பண்பின் சிகரம்’, ‘எம் நெஞ்சங்களில் நீங்கா இடம்பிடித்தவர்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று அது போனது. தமிழில் வாசிக்கும்போது இந்தத் தொடர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சுவரொட்டியிலும் மரண அறிவித்தலிலும் காலம் காலமாகக் கேட்டுப் பழகியதால், அவை துக்கவீட்டுப் பறை மாதிரி, நடந்ததை அறிவித்துவிடும். அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தேன். யாரைப் பற்றி எழுதியது என்றே தெரியவில்லை. எந்த ஊர் எந்த ஆசிரியருக்கும் அது பொருந்தும். அப்போது ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன்: தமிழை முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதில்லை. சேர் என்ன செய்தார் என்பதை முதலில் திரட்டுவது, அதிலிருந்து இரண்டு மொழியிலும் தனித்தனியாக எழுதுவது.

திரட்டுவதற்கு வெவ்வேறு ஏ.எல். பட்ச்களில் ஆட்களைப் பிடித்தேன். ‘சேரைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்டால் நல்லவர், வல்லவர் என்றுதான் வரும். அதனால் ‘வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார்?’, ‘நீங்கள் பிழை விட்டால் என்ன செய்வார்?’ என்று கேட்டேன். கேள்வியை அப்படி மாற்றியதும் ஆட்கள் வாய்திறந்து கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பட்ச்காரர் ஒரே விசயத்தைச் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்வது என்று ஒரு விதி வைத்தேன். அப்படிப் பார்த்தபோது ஒன்று எல்லார் வாயிலும் வந்தது. கரும்பலகையில் நாங்கள் ஒரு வரியைப் பிழையாக எழுதினால் சேர் அழிக்க விடமாட்டார். அதன்மேல் மெல்லிதாக ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்குக் கீழே தொடரச் சொல்வார். கணக்கு முடியும்போது பிழையும் சரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இரண்டையும் கொப்பியில் எழுதவேண்டும். சோதனைக்கு முதல்நாள் கொப்பியைப் புரட்டினால், எங்கே சறுக்குவோம் என்பதும் அதிலேயே இருக்கும். செய்தியின் நடுவில் நிற்கவேண்டியது இதுதான் என்று முடிவெடுத்தேன்.

இன்னொரு கதை கவனமாகக் கையாளவேண்டியதாக இருந்தது. ‘சேர் ஒரு சதமும் வாங்காமல் ரியூசன் சொல்லித்தந்தார்’ என்று பலர் சொன்னார்கள். ஆனால் காசு கொடுத்துப் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வரியை வாசித்த உடனேயே மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள். சேரின் மகளிடம் கேட்டேன். ‘அப்பா காசு வாங்கினவர்தான் அண்ணா, இருக்கிற ஆக்களிட்ட வாங்கினவர். இல்லாத பிள்ளையளிட்ட கேக்கமாட்டார். கொப்பியில ஆற்றையும் பேர் எழுதி வைக்கிறதும் இல்லை’ என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ‘இலவசம்’ என்ற பெருமையைவிட இது பெரிய விசயம். யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அஞ்சலியில் சற்றுக் கூட்டிச் சொல்வதைப் பலர் மரியாதை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செய்யாததைச் சேர்த்தால், செய்தது பின்னால் போய்விடுகிறது.

ஜாம் போத்தல் விளக்குக் கதையும் நிறைய வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க, போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி எரித்துப் படித்தோம். அது எங்கள் எல்லாருடைய கதை, சேரின் கதை அல்ல. மனமில்லாமல்தான், விட்டுவிட்டேன்.

அடுத்தது, இறந்தார் என்பதை எந்தச் சொல்லால் சொல்வது. சைவ வீடு என்பதால் மரண அறிவித்தலில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று போட்டிருந்தார்கள். அது வீட்டாரின் அறிவித்தல், அவர்களின் நம்பிக்கை, அப்படித்தான் இருக்கவேண்டும். மாணவர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். எல்லார் பெயரிலும் போகும் செய்தியில் ‘காலமானார்’ போதும் என்று மகளிடம் சொல்லி, சம்மதம் வாங்கினேன். ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’. ‘லோட்டஸ் ஃபீட்’ என்று இறைவனின் திருவடியை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவந்த அறிவித்தல்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது தாமரையும் காலுமாகத்தான் தெரியும். மரண அறிவித்தலில் வரும் ‘அன்னார்’, அன்பு மகனும் பாசமிகு கணவரும் மாமனாரும் என்று நீளும் உறவுப் பட்டியல் எதையும் நாங்கள் எடுக்கவில்லை. வீட்டார் அதைச் சொல்லிவிட்டார்கள். மாணவர்கள் சொல்லவேண்டியது வேறு.

சரி, தமிழில் கடைசியாக நின்ற பந்தி இது. பெயரையும் தேதியையும் இங்கே விட்டுவிடுகிறேன்:

‘எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார். கரும்பலகையில் நாங்கள் பிழையாக எழுதிய வரியை அவர் ஒருநாளும் அழிக்க விட்டதில்லை. அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே தொடரும் என்பார். பிழையையும் சரியையும் சேர்த்தே கொப்பியில் எழுதினோம். 95 இல் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது, ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பைத் தொடங்கினார். பலகையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். இருந்தவர்களிடம் காசு வாங்கினார், இல்லாதவர்களிடம் கேட்கவில்லை. யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளை நீர் என்று அழைத்த ஆசிரியர் அவர்.’

இதை ஆங்கிலமாக்க இருந்தபோது, கரும்பலகை வரிகள் தாமாகவே நடந்துபோயின. ஒருவர் கையால் செய்த ஒரு செயலைச் சொல்லும் வாக்கியம் எந்த மொழிக்கும் சிரமமில்லாமல் போகிறது. சைக்கிளும் பலகையும் அப்படித்தான். காசைப் பற்றிய வரியும் நின்றது. கை வைக்கவேண்டியிருந்தது மூன்று இடங்களில்.

முதலாவது, ‘95 இல் இடம்பெயர்ந்து’. எங்களுக்கு இந்த இரண்டு சொல் போதும். 1995 ஒக்டோபர் 30 இரவும், மழையும், நாவற்குழிப் பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்த சனமும் உடனே கண்முன் வரும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு ‘டிஸ்ப்ளேஸ்ட்’ என்று போட்டால் செய்தியில் கேட்ட ஒரு சொல், அவ்வளவுதான். அதனால் ஆங்கிலத்தில் மூன்று சிறு வாக்கியங்கள் கூட்டினேன். சண்டை நெருங்கியதால் 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தில் இருந்த மக்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இரவில் வீடுகளை விட்டுக் கிழக்கே நடந்தார்கள். நாங்களும் நடந்தோம், சேரும் குடும்பத்தோடு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பும்வரை எங்களுக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்தது அந்த மாமரத்தடிதான். யார் போகச் சொன்னார்கள், ஏன் போனோம் என்பதில் எங்களுக்குள்ளேயே பல கருத்து உண்டு. அஞ்சலியில் அதைத் தீர்க்க முடியாது. ‘நாங்கள் நடந்தோம்’ என்ற அளவில் நிறுத்தினேன். இந்த மூன்று வாக்கியங்களைத் தமிழில் சேர்க்கவும் இல்லை. தமிழ் வாசகருக்கு அவர் வாழ்ந்ததையே விளக்கிச் சொல்வதுபோல் ஆகிவிடும். இரண்டு மொழிச் செய்தியும் ஒரே நீளம், ஒரே வரிசை என்று இருக்கவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு விதமான ஆட்கள் வாசிக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒரே மனிதர் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ‘நீர்’. இதில்தான் கூடுதல் நேரம் போனது. யாழ்ப்பாணத்தில் மாணவனை ‘நீ’ என்று அழைப்பதில் ஒருவருக்கும் குறை தெரியாது. சேர் ‘நீர் சொல்லும் பார்ப்பம்’, ‘உமக்கு எங்க தட்டுது?’ என்றுதான் கேட்பார். ‘நீங்கள்’ என்ற தூரமும் அதில் இல்லை, ‘நீ’ என்ற இறக்கமும் இல்லை. ஆங்கிலத்தில் எல்லாரும் ‘யூ’. தமிழ் இலக்கணத்தில் முன்னிலைப் பெயர் மூன்று படியில் இருக்கிறது என்று விளக்கி ஒரு வரி எழுதிப் பார்த்தேன். துக்கச் செய்திக்குள் பாடம் நடத்துவதுபோல் நின்றது, எடுத்துவிட்டேன். பிறகு யோசித்தேன்: சேர் இதே ‘நீர்’ஐ வேறு யாரிடம் சொல்வார்? ஆசிரியர் அறையில், தன் வயதுச் சக ஆசிரியர்களிடம். அதையே எழுதினேன். மற்ற ஆசிரியர்களோடு எந்தச் சொல்லால் கதைப்பாரோ, பதினைந்து வயதில் எங்களோடும் அந்தச் சொல்லாலேயே கதைத்தார் என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. தமிழ்ச் சொல்லே அங்கே இல்லை. ஆனால் வாசிக்கிற பிள்ளைக்கு, தன் அப்பாவையோ அம்மாவையோ ஒருவர் எப்படி நடத்தினார் என்பது தெரிந்துவிடும்.

அவர் சொன்னார், அவர் வந்தார் என்று தமிழ் வினைமுற்றிலேயே மரியாதை ஏறிவிடுவதால் வந்த சிக்கலும் இதோடு சேர்ந்தது. ஆங்கில ‘ஹி’யில் அது இல்லை என்பதற்காக ‘ரெஸ்பெக்டட்’, ‘எஸ்டீம்ட்’ என்று ஒவ்வொரு வரியிலும் அடைமொழி வைத்து ஈடுகட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் அலுவலகக் கடிதம் மாதிரிப் போய்விடுகிறது. ஒரு அடைமொழியும் வைக்காமல் விட்டேன். கோடு இழுத்ததும் பலகை சுமந்ததும் அந்த வேலையைச் செய்துவிடும்.

மூன்றாவது, ‘சேர்’. நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, எல்லாருக்கும் அவர் சேர்தான். அதனால் ஆங்கிலத்தில் ‘சேர்’ என்று போட்டு அவர் பெயரை ஒட்டினால் போதும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். லண்டனில் இருக்கும் நண்பனின் மகளிடம் வரைவைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதற்காகத்தான் அவளிடம் கொடுத்தது. ‘அவருக்கு அரசர் பட்டம் கொடுத்தவரா?’ என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சேர் பொன். இராமநாதன் என்று நாங்களே சொல்கிறோம், அங்கே அது பிரித்தானியப் பட்டம். பெயரோடு ஒட்டினால் பட்டமாகிவிடும். அதனால் முதல் வரியில் ‘எங்கள் கணித ஆசிரியர்’ என்று சொல்லி, முன்னால் ‘மிஸ்டர்’ போட்டு முழுப்பெயரை எழுதினேன். அடுத்த வரியில், நாங்கள் அவரைச் சேர் என்றே அழைத்தோம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தனியே ‘சேர்’ மட்டும். பழைய மாணவருக்கு அந்தச் சொல்லில் வகுப்பறையே திரும்பி வரும், பிள்ளைக்கும் குழப்பமில்லை.

வாசித்துப் பார்க்க ஆள் பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதுவும் துக்கச் செய்திக்கு. ‘படித்ததைத் திருப்பிச் சொல்’ என்று அவளிடம் கேட்டோம். பலகையைக் கடையில் வாங்கிக் கொண்டுவந்தார் என்று சொன்னாள். வகுப்பு நாட்களில் எல்லாம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார் என்பது ஆங்கிலத்தில் விளங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘ஒவ்வொரு காலையும்’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்ததும் சரியாகிவிட்டது. தமிழில் ‘வருவார்’ என்றாலே வழக்கமாக என்பது வந்துவிடும். ஆங்கிலத்தில் அதை வெளியே சொல்லவேண்டும்.

பெயரின் ஆங்கில எழுத்து தனி வேலை. தமிழில் முதலெழுத்து ‘க.’ என்று இருக்கிறது. அப்பா பெயர் கந்தையா என்றால் அது ஆங்கிலத்தில் ‘கே’. கணபதிப்பிள்ளை என்றால் ‘கே’யாகவும் இருக்கலாம், ‘ஜி’யாகவும் இருக்கலாம். ‘ச.’ என்றால் ‘எஸ்’ஸா, ‘சி’யா? ‘ப.’ என்றால் ‘பி’ என்பதிலேயே இரண்டு எழுத்து உண்டு. தமிழ் எழுத்தைப் பார்த்து ஊகித்து எழுதக்கூடாது. குழுவில் சேரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சேர் தானே எப்படிக் கையொப்பம் வைத்தார் என்று தேடினோம். வகுப்பாசிரியராக அவர் கையெழுத்திட்ட தேர்ச்சி அறிக்கையை மெல்பேர்ணில் ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார், படம் எடுத்து அனுப்பினார். அதில் உள்ளபடியே போட்டோம். மகளும் தன் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அதே எழுத்தில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்.

நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் செய்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூட்டத்துக்கு ஆட்கள் வந்து சேரவேண்டும். கூட்டம் நவம்பரின் முதல் ஞாயிறு, இலங்கை நேரம் மாலை 5 மணி. லண்டனில் மணிக்கூட்டை ஒக்டோபரின் கடைசி ஞாயிறே மாற்றிவிடுவார்கள், ஆகவே காலை 11:30. பாரிஸில் மதியம் 12:30. ரொறன்ரோவில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னால் போவது நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலையில், அதாவது கூட்டத்தன்றே. முதல்நாள் கணக்கில் பார்த்தால் ரொறன்ரோவுக்குக் காலை 7:30 என்று வரும், சரியான நேரம் 6:30. மெல்பேர்ணில் அப்போது கோடைகால நேரம், இரவு 10:30. இந்த நான்கு நேரத்தையும் ஊர்ப் பெயரோடு எழுதினோம். தேதியை எண்ணால் மட்டும் எழுதவில்லை. நாளும் மாதமும் இடம் மாறி வாசிக்கப்படும் நாடுகளுக்குப் போகிறது என்பதால் மாதத்தை எழுத்தில் போட்டோம். ‘நேற்று இரவு காலமானார்’ என்பதையும் தவிர்த்தோம். வாசிப்பவருக்கு நேற்று எது என்று தெரியாது.

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடிந்துவிடும், மிச்சத்தைப் பார்க்கத் தட்டவேண்டும். அதனால் பெயர், காலமான நாள், கூட்ட நேரம் மூன்றும் முதல் வரிகளில். கரும்பலகை அதற்குப் பிறகு. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே செய்தியில் ஒட்டாமல் இரண்டாக அனுப்பினோம், அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை மட்டும் முன்னனுப்ப முடியும். கல்வெட்டில் இதன் வரிசை மாறியது. நேர விவரம் தேவையில்லாததால் அதை எடுத்துவிட்டு, கரும்பலகையில் இருந்தே தொடங்கினோம். அச்சகத்தில் எதிரெதிர்ப் பக்கமாக அமைக்கச் சொன்னோம். விளக்க வாக்கியங்களாலும், தமிழில் ஒட்டி வரும் வேற்றுமை உருபெல்லாம் ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்பதாலும், ஆங்கிலப் பக்கம் நீண்டுவிட்டது. இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர ஆங்கில எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றார் அச்சகக்காரர். வேண்டாம், தமிழ்ப் பக்கத்தின் கீழே சேரின் கையொப்பத்தை வையுங்கோ என்று அந்தத் தேர்ச்சி அறிக்கைப் படத்தைக் கொடுத்தோம். இடம் சரியாக நிரம்பியது.

கூட்டத்தில் தமிழை நான் வாசித்தேன். ஆங்கிலத்தை அந்த லண்டன் பிள்ளை வாசித்தாள்.